உயரம் 6 என்றால் 63-ஆ, 127-ஆ? ட்ரீ கணக்கில் ஒன்று பிசகும் இடங்கள்

"உயரம் 6 உள்ள பைனரி ட்ரீயில் அதிகபட்சம் எத்தனை நோட் இருக்கலாம்?" ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் 63 என்கிறார், மற்றவர் 127 என்கிறார். இருவரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவர் படித்த புத்தகத்தில் உயரம் என்பது நோட்களின் எண்ணிக்கை, மற்றவர் படித்ததில் எட்ஜ்களின் எண்ணிக்கை. கேள்வி எந்தப் பொருளில் கேட்கப்பட்டதோ அதைப் பொறுத்து ஒருவருக்கு மதிப்பெண் போகும்.

இந்தப் பிசகு எங்கிருந்து வருகிறது, எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, விடை எழுதும்போது எப்படிப் பிடிப்பது என்பதை ஒரே ஒரு ட்ரீயை வைத்துப் பார்த்துவிடலாம். ஹைட்டை உயரம் என்றும் டெப்த்தை ஆழம் என்றும் எழுதுகிறேன். லெவலும் டிகிரியும் வகுப்பில் சொல்வது போலவே இருக்கட்டும்.

முதலில் ஒரு ட்ரீ

```
          A
        / | \
       B  C  D
      / \     \
     E   F     G
              / \
             H   I
             |
             J
```

பத்து நோட், ஒன்பது எட்ஜ். எந்த ட்ரீயிலும் எட்ஜ் நோட்டை விட ஒன்று குறைவாகவே இருக்கும். ரூட்டைத் தவிர ஒவ்வொரு நோட்டும் தன் பெற்றோரோடு ஒரே ஓர் எட்ஜால் இணைந்திருக்கிறது, ரூட்டுக்கு மட்டும் மேலே யாரும் இல்லை. மேலிருந்து கீழே போகும் ஒற்றைப் பாதைக்கும் இதே கணக்குத்தான். A-யிலிருந்து J வரை A, D, G, H, J என ஐந்து நோட், இடையில் நான்கு எட்ஜ். கரும்பில் இந்தக் கணுவிலிருந்து அந்தக் கணு வரை ஐந்து கணு இருந்தால் இடைக்கணு நான்குதான் என்பது மாதிரி. இங்கே வரும் பிசகெல்லாம் பெரும்பாலும் கணுவை எண்ணுகிறோமா, இடைக்கணுவை எண்ணுகிறோமா என்பதை மறந்துபோவதில்தான் தொடங்குகிறது.

எட்ஜ் கணக்கில் நான்கு சொற்கள்

ஒரு நோட்டின் ஆழம் என்பது ரூட்டிலிருந்து அந்த நோட் வரை உள்ள எட்ஜ்களின் எண்ணிக்கை. A-யின் ஆழம் 0, D-யின் ஆழம் 1, J-யின் ஆழம் 4. ஆழம் மேலிருந்து அளக்கப்படுகிறது. ஒரு நோட்டுக்கு மேலே போக ஒரே பாதைதான் உண்டு என்பதால் இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

ஒரு நோட்டின் உயரம் என்பது அந்த நோட்டிலிருந்து கீழே இறங்கி ஒரு லீஃபை அடையும் பாதைகளில் மிக நீளமானதன் எட்ஜ் எண்ணிக்கை. 'மிக நீளமான' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. D-யிலிருந்து I-க்கு இரண்டு எட்ஜ், J-க்கு மூன்று. ஆகவே D-யின் உயரம் 3. C, E, F, I, J எல்லாம் லீஃப், அவற்றின் உயரம் 0. ட்ரீயின் உயரம் என்றால் ரூட்டின் உயரம், இங்கே 4. ட்ரீயின் ஆழம் என்று சில இடங்களில் கேட்பார்கள். அது எல்லா நோட்களின் ஆழங்களிலும் பெரியது, அதுவும் 4-தான்.

முழு ட்ரீக்கு இரண்டும் ஒன்றாக வருவதால் ஒவ்வொரு நோட்டுக்கும் அப்படித்தான் ஏதோ உறவு இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். "B-யின் உயரம் என்ன?" என்று கேட்டால், 4-லிருந்து ஆழம் 1-ஐக் கழித்து 3 என்று எழுதுபவர்கள் உண்டு. B-க்குக் கீழே E-யும் F-உம் மட்டும்தான், உயரம் 1. ஆழத்தையும் உயரத்தையும் கூட்டினால் ட்ரீயின் உயரம் வருவது மிக நீளமான பாதையில் இருக்கும் நோட்களுக்கு மட்டுமே. D அந்தப் பாதையில் இருக்கிறது, 1 + 3 = 4. B இல்லை.

லெவல் என்பது ஆழத்தின் இன்னொரு முகம். ஒரே ஆழத்தில் உள்ள நோட்கள் எல்லாம் ஒரு லெவல். ரூட்டை லெவல் 0 என்று தொடங்கினால் லெவலும் ஆழமும் ஒரே எண். லெவல் 1 என்று தொடங்கினால் லெவல் ஒன்று கூடுதலாக இருக்கும். நம் ஊரில் தரைத்தளத்துக்கு அடுத்ததுதான் முதல் மாடி. தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணும் நாடுகளும் இருக்கின்றன. கட்டடம் ஒன்றுதான், லிஃப்ட் பொத்தானில் எண் மட்டும் மாறுகிறது.

டிகிரி என்பது ஒரு நோட்டின் பிள்ளைகளின் எண்ணிக்கை. A-க்கு 3, B-க்கு 2, D-க்கு 1, லீஃபுக்கு 0. ட்ரீயின் டிகிரி என்றால் நோட்களின் டிகிரிகளில் பெரியது, இங்கே 3. இதற்குள்ளும் ஒரு வம்பு இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

புத்தகங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

கார்மென் குழுவினரின் அல்காரிதம் புத்தகம் உயரத்தையும் ஆழத்தையும் எட்ஜ் கணக்கில் வரையறுக்கிறது. ஹொரோவிட்ஸ், சாஹ்னியின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகம் ரூட்டை லெவல் 1 என்று தொடங்கி, லெவல்களில் பெரியதையே ட்ரீயின் உயரம் என்கிறது. அதாவது நோட் கணக்கு. லீட்கோட்டில் 104-ஆம் கேள்வி, ட்ரீயின் அதிகபட்ச ஆழத்தை நோட்களின் எண்ணிக்கையாகக் கேட்கிறது. மூன்றுமே செல்லுபடியாகும் வழக்கங்கள்தான். ஒரே மாணவர் மூன்றையும் ஒரே வாரத்தில் படிக்கிறார் என்பதுதான் சிக்கல்.

எட்ஜ் கணக்கில் உயரம் h, நோட் கணக்கில் உயரம் H என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் H = h + 1. மனப்பாடம் செய்யும் சூத்திரங்கள் எல்லாம் இப்படி இரட்டையாக வருகின்றன:

```
                       எட்ஜ் (h)      நோட் (H)
பைனரி, அதிகபட்ச நோட்    2^(h+1) - 1    2^H - 1
குறைந்தபட்ச நோட்        h + 1          H
```

லெவலிலும் இதே இரட்டை: ரூட் 0 என்றால் லெவல் l-இல் அதிகபட்சம் 2^l நோட், ரூட் 1 என்றால் 2^(l-1).

இவற்றை மனப்பாடம் செய்வதை விட, தேர்வு அறையில் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே ஒரு நோட் உள்ள ட்ரீயைச் சூத்திரத்தில் போடுங்கள். எட்ஜ் கணக்கில் அதன் உயரம் 0, ஆகவே 2^(0+1) - 1 = 1, சரி. நோட் கணக்கில் உயரம் 1, 2^1 - 1 = 1, அதுவும் சரி. உயரத்தை எட்ஜில் எடுத்துக்கொண்டு நோட் சூத்திரத்தில் போட்டால் 2^0 - 1 = 0. ரூட்டே காணாமல் போய்விடுகிறது.

கேட் தேர்வில் வந்த ஒரு கேள்வி

2015 கேட் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ட்ரீயின் உயரம் என்பது ரூட்டிலிருந்து லீஃப் வரையுள்ள மிக நீளமான பாதையின் நீளம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, உயரம் 5 உள்ள பைனரி ட்ரீயில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் எத்தனை நோட் என்று கேட்டது.

இதில் 'நீளம்' என்ற சொல்தான் திறவுகோல். பாதையின் நீளம் என்றால் எட்ஜ்களின் எண்ணிக்கை, கிராஃப் கணிதத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது. ஆகவே h = 5. அதிகபட்சம் 2^6 - 1 = 63. குறைந்தபட்சம் ஒவ்வொரு லெவலிலும் ஒரே ஒரு நோட், 6. விடை 63, 6.

கொடுக்கப்பட்ட தேர்வுகளில் 31, 5 என்பதும் ஒன்று. அதே கணக்கை நோட் வழக்கத்தில் போட்டால் வருவது அது. கேள்வியை எழுதியவர் அந்தப் பிசகை முன்கூட்டியே எதிர்பார்த்து அங்கே வைத்திருக்கிறார். "என் விடை ஆப்ஷனில் இருக்கிறதே, அப்போ சரிதான்" என்று நம்பிவிட முடியாது.

2009 கேட் தேர்வில் இன்னொன்று: ஏழு நோட் உள்ள ஏ.வி.எல் ட்ரீயின் அதிகபட்ச உயரம் என்ன? ஒற்றை நோட் ட்ரீயின் உயரம் 0 என்று எடுத்துக்கொள்ளவும். இங்கே வழக்கத்தை இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் வேறு வழியாகத் தவறு நுழைகிறது.

ஏ.வி.எல் ட்ரீயில் எந்த நோட்டிலும் இடது வலது உயரங்களின் வித்தியாசம் 1-க்கு மேல் போகக் கூடாது. உயரம் h வருவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை நோட் வேண்டும் என்பதை N(h) என்போம். ரூட் ஒன்று, ஒரு பக்கம் உயரம் h - 1, மறு பக்கம் உயரம் h - 2. ஆகவே:

```
N(h) = N(h-1) + N(h-2) + 1
N(0) = 1,  N(1) = 2
N(2) = 4,  N(3) = 7,  N(4) = 12
```

ஏழு நோட்டில் உயரம் 3 வரை போகலாம், 4-க்குப் பன்னிரண்டு வேண்டும். விடை 3. தொடக்கத்தில் N(0) = 0, N(1) = 1 என்று எழுதிவிட்டால் தொடர் 0, 1, 2, 4, 7 என்று போய் விடை 4 ஆகிவிடும். வழக்கம் கேள்வியில் இருந்தும், கை பழக்கத்தில் வேறு தொடக்கத்தை எழுதிவிடுகிறது. இப்படிப்பட்ட தொடர் எழுதும்போது முதல் வரியைக் கேள்வியின் வரையறையிலிருந்து நேராக எடுத்து எழுதுங்கள். ஒற்றை நோட்டுக்கு உயரம் 0, ஆகவே N(0) = 1.

மேல் நோக்கி முழுதாக்குவதா, கீழ் நோக்கியா

நோட் எண்ணிக்கை n கொடுத்து, கம்ப்ளீட் பைனரி ட்ரீயின் உயரம் கேட்பார்கள். ஹீப் கேள்விகளில் அடிக்கடி வரும். எட்ஜ் கணக்கில் அது ⌊log₂ n⌋. நோட் கணக்கில் ⌊log₂ n⌋ + 1.

பலர் ⌈log₂ n⌉ என்று எழுதுகிறார்கள், மேல் நோக்கி முழுதாக்குவதே +1-க்குச் சமம் என்ற எண்ணத்தில். n = 63 என்று போட்டுப் பாருங்கள். log₂ 63 ஆறுக்குச் சற்றுக் குறைவு, மேல் நோக்கி முழுதாக்கினால் 6. நோட் கணக்கில் இது சரி. இப்போது n = 64. log₂ 64 மிகச் சரியாக 6, மேல் நோக்கி முழுதாக்கினாலும் 6-தான். ஆனால் 63 நோட்டில் ஆறு லெவலும் நிரம்பிவிட்டன, 64-ஆவது நோட் ஏழாவது லெவலைத் தொடங்குகிறது. சரியான விடை 7. n இரண்டின் அடுக்காக இருக்கும்போது மட்டும் தவறும் சூத்திரம் இது. மாதிரிக் கணக்குகளில் 10, 50, 100 என்று போட்டுப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

நோட் கணக்கில்தான் மேல் நோக்கி முழுதாக்க வேண்டும் என்றால் ⌈log₂ (n + 1)⌉ என்று எழுதலாம், அது எல்லா n-க்கும் சரியாக வரும். எந்தச் சூத்திரத்தையும் n = 1, 2, 3 என மூன்றிலும் போட்டுப் பாருங்கள். உயரங்கள் எட்ஜில் 0, 1, 1. நோட்டில் 1, 2, 2. ⌈log₂ n⌉ தருவது 0, 1, 2. இரண்டு வரிசையிலும் பொருந்தவில்லை, அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

நிரலில் காலி ட்ரீ

நோட்டே இல்லாத ட்ரீயின் உயரம் என்ன? நோட் கணக்கில் 0. எட்ஜ் கணக்கில் -1. உயரம் எப்படி மைனஸ் ஆகும் என்று முதலில் எல்லாருக்கும் உறுத்தும். லீஃபின் உயரம் 0 ஆக வேண்டும், அதற்கு 1 + (இல்லாத பிள்ளையின் உயரம்) = 0 ஆக வேண்டும், வேறு எண் எதுவும் பொருந்தாது.

```python
def height(node):
    if node is None:
        return -1
    return 1 + max(height(node.left), height(node.right))
```

அந்த -1-ஐ 0 ஆக்கினால் நோட் கணக்கு. வேறெந்த வரியையும் தொட வேண்டாம். மைனஸ் பிடிக்காமல் சிலர் மூன்றாவது வழி ஒன்றை எடுக்கிறார்கள்: காலி என்றாலும் 0, லீஃப் என்றாலும் 0. ட்ரீயின் உயரத்தை மட்டும் அச்சிட்டால் இது சரியான எட்ஜ் எண்ணையே காட்டும், ஆகவே தவறு தெரியாது. அதே செயற்கூறை வைத்து ஏ.வி.எல் சமநிலை பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

30, 20, 10 என்ற வரிசையில் சேர்த்துப் பாருங்கள். 30-க்கு இடப்பக்கம் 20, அதற்கு இடப்பக்கம் 10, வலப்பக்கம் எதுவுமில்லை. எட்ஜ் கணக்கில் 30-இன் இட உயரம் 1, வல உயரம் -1, வித்தியாசம் 2, ரொட்டேஷன் வேண்டும். நோட் கணக்கில் 2 - 0 = 2, அதே முடிவு. கலப்பு வழியில் 1 - 0 = 1. சமநிலையில் இருக்கிறது என்று சொல்லி ரொட்டேஷனே செய்யாது. எந்த வழக்கத்தை எடுத்தாலும் வித்தியாசம் மாறுவதில்லை, இரண்டையும் கலந்தால்தான் மாறுகிறது.

கேள்வி உண்மையில் எதை எண்ணச் சொல்கிறது

உயரம் என்ற சொல்லே வராமல் இந்தப் பிசகு வரும் இடங்களும் உண்டு. வரிசைப்படுத்திய 1000 எண்களில் பைனரி சர்ச், அதிகபட்சம் எத்தனை உறுப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்? தேடல் பாதையை ட்ரீயாக வரைந்தால் எட்ஜ் கணக்கில் உயரம் ⌊log₂ 1000⌋ = 9. ஆனால் ஒப்பிடுவது ஒவ்வொரு நோட்டிலும் நடக்கிறது, ரூட்டிலும்கூட. ஆகவே விடை 10.

இதற்கு நேர்மாறாக, ஐந்து எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் டிசிஷன் ட்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். 5! = 120 லீஃப் வேண்டும், ஆகவே எட்ஜ் கணக்கில் உயரம் குறைந்தது 7. இங்கே லீஃபில் ஒப்பிடுவது எதுவும் இல்லை, அங்கே விடை மட்டும் எழுதியிருக்கிறது. ஏழு எட்ஜுக்கு ஏழு ஒப்பீடு. முந்தைய கணக்கின் ஞாபகத்தில் ஒன்று கூட்டி 8 என்று எழுதினால் தவறு. கடைசி நோட்டில் வேலை நடக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், கூட்டுவதா விடுவதா என்பது தெரிந்துவிடும்.

கேள்வியில் வரையறை இல்லை என்றால்

முதலில் பாடத்திட்டத்தில் குறித்திருக்கும் புத்தகத்தின் வழக்கம். அதுவும் தெரியவில்லை என்றால் விரிவான விடையில் முதல் வரியாக, 'உயரம் எட்ஜ்களில் எண்ணப்படுகிறது, ரூட் லெவல் 0' என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். திருத்துபவரின் விடைக்குறிப்பில் வேறு எண் இருந்தாலும், நீங்கள் எங்கே நின்று எண்ணினீர்கள் என்பது அவருக்குத் தெரியும். ரூட் லெவல் 1, உயரம் எட்ஜில் என்று கலந்து எழுதும் குறிப்புகளும் சுற்றுகின்றன. அப்போது உயரம் என்பது பெரிய லெவலை விட ஒன்று குறைவு. 'உயரம் = கடைசி லெவல்' என்ற வரியை அங்கே பயன்படுத்தவே கூடாது.

கொள்குறி வினாவில் இப்படி எழுத இடமில்லை. 'பாதையின் நீளம்', 'ஒற்றை நோட்டின் உயரம்', 'ரூட் இருக்கும் லெவல்' போன்ற துப்பு ஒன்று கேள்வியிலேயே பெரும்பாலும் இருக்கும், அதை அடிக்கோடிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

டிகிரியில் ஒன்று பலவாகும்

ரூட் உள்ள ட்ரீயில் டிகிரி என்றால் பிள்ளைகள் மட்டும். கிராஃப் பாடத்தில் அதே சொல்லுக்கு, ஒரு நோட்டைத் தொடும் எல்லா எட்ஜும் என்று பொருள். பெற்றோரை நோக்கிப் போகும் எட்ஜும் சேர்ந்துவிடும். நம் ட்ரீயில் பிள்ளைகளைக் கூட்டினால் 3 + 2 + 1 + 2 + 1 = 9, எட்ஜ்களின் எண்ணிக்கை. கிராஃப் முறையில் கூட்டினால் 18, எட்ஜ்களைப் போல இரு மடங்கு. ரூட்டைத் தவிர ஒவ்வொரு நோட்டுக்கும் ஒன்று கூடியிருக்கிறது.

உயரத்தில் பிசகினால் விடை ஒன்றில் தவறும், அல்லது பாதியாகும். டிகிரியில் பிசகினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கணக்கு: டிகிரி 3 உள்ள நோட் 4, டிகிரி 2 உள்ள நோட் 3, மற்றவை எல்லாம் லீஃப். லீஃப் எத்தனை?

ரூட் உள்ள ட்ரீ என்றால், எட்ஜ்கள் 4 × 3 + 3 × 2 = 18. நோட்கள் 19. லீஃப் அல்லாதவை 7 போக, லீஃப் 12.

ரூட் இல்லாத ட்ரீ என்றால் லீஃபின் டிகிரி 1. லீஃப் L என்றால் டிகிரிகளின் கூட்டல் 18 + L. நோட்கள் 7 + L, எட்ஜ்கள் 6 + L, அதன் இரு மடங்கு 12 + 2L. இரண்டையும் சமப்படுத்தினால் L = 6.

ஒரே வாக்கியம், ஒன்றில் 12, மற்றொன்றில் 6. லீஃபின் டிகிரி 0-ஆ, 1-ஆ என்பதைக் கேள்வியில் தேடுங்கள். 'ரூட்', 'பிள்ளை', 'பைனரி', 'இன்டர்னல் நோட்' என்ற சொற்கள் இருந்தால் 0. 'கனெக்டட்', 'சைக்கிள் இல்லாத', 'வெர்டெக்ஸ்' என்று பேசினால் 1.